இணையச் சேவைத் தர ஒப்பந்தம்

ஈரோடு பெருந்துறை சாலைப் பகுதியில் ஃபைபர் இணைய இணைப்பு கொடுத்துவரும் நிறுவனமும் (இனி "நிறுவனம்"), அதே சாலையில் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் ஒன்பது பேருடன் இயங்கும் வரி ஆலோசனை அலுவலகமும் (இனி "அலுவலகம்") செய்துகொண்ட ஒப்பந்தம் இது. 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை செல்லும்.

இந்த அலுவலகத்தின் வேலை முழுக்க ஜிஎஸ்டி, வருமான வரி தளங்களில்தான் நடக்கிறது. கடைசித் தேதி மாலையில் இணைப்பு போனால், வாடிக்கையாளர்தான் தாமதக் கட்டணம் கட்ட வேண்டிவரும். அதனால் மற்ற நாளையும் தாக்கல் நாளையும் இந்த ஒப்பந்தம் ஒன்றாகப் பார்க்கவில்லை.

1. இணைப்பும் வாடகையும்

டவுன்லோடு, அப்லோடு இரண்டும் 100 எம்பிபிஎஸ். ஒரு நிலையான ஐபி முகவரி. மாத வாடகை ₹4,500, ஜிஎஸ்டி 18% (₹810) சேர்த்து ₹5,310. அலுவலகச் சுவரில் உள்ள ஃபைபர் பெட்டி நிறுவனத்தின் சொத்து. அதற்கு அப்பால் உள்ள ரூட்டர், கேபிள், கணினிகள் அலுவலகத்தின் பொறுப்பு.

2. இணைப்பு இருக்க வேண்டிய நேரம்

ஒரு மாதத்தின் மொத்த நேரத்தில் 99.5% இணைப்பு இருக்க வேண்டும். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் 3 மணி 36 நிமிடம் வரை போனால் பொறுத்துக்கொள்ளப்படும். கணக்கு 24 மணி நேரத்துக்கும் பொதுவானது.

கீழ்க்கண்டவற்றில் எது நடந்தாலும் இணைப்பு போனதாகவே கருதப்படும்: பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிவது, விளக்கு பச்சையாக இருந்தும் எந்தத் தளமும் திறக்காதது, அல்லது ரூட்டருடன் கேபிளில் இணைத்த கணினியில் கீழ்க்கண்ட கட்டளையை ஓட்டினால் நூறில் ஐந்துக்கு மேல் பதில் வராமல் போவதும், பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓட்டும்போது அதே நிலை நீடிப்பதும்.

```
ping -n 100 8.8.8.8
```

வைஃபையில் எடுத்த அளவு எந்தத் தரப்புக்கும் செல்லாது. கேபிளில் பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்தும் 70 எம்பிபிஎஸ் தாண்டாவிட்டால் அது "மந்தம்". அந்த நேரத்தில் பாதி, இணைப்பு போன நேரமாகச் சேர்க்கப்படும்.

அலுவலகம் போனிலோ வாட்ஸ்அப்பிலோ தெரிவித்த நிமிடமே கணக்கு தொடங்கும் நிமிடம். நிறுவனத்தின் கண்காணிப்பில் அதற்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த முந்தைய நேரமே எடுத்துக்கொள்ளப்படும். புகாரை மூடும் உரிமை அலுவலகத்துக்கு மட்டும்தான். அலுவலகத்தில் ஒருவர் "சரியாகிவிட்டது" என்று பதில் அனுப்பாதவரை, "தீர்க்கப்பட்டது" என்று தானாக வரும் குறுஞ்செய்தி கணக்கை நிறுத்தாது. பதில் அனுப்ப அலுவலகம் சோதித்த பிறகு 15 நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. இந்த ஷரத்தில் இரு தரப்பும் நீண்ட நேரம் பேசித்தான் உடன்பட்டோம்.

3. கணக்கில் சேராதவை

அலுவலகத்துக்குள் மின்சாரம் இல்லாத நேரமும், அரசு உத்தரவால் இணையம் நிறுத்தப்பட்ட நேரமும், வெள்ளம் போன்ற பேரிடர் நேரமும் சேராது. பராமரிப்பு வேலைக்கு மாதம் நான்கு மணி நேரம், ஞாயிறு அதிகாலை 1 முதல் 5 மணிக்குள் எடுத்துக்கொள்ளலாம். 48 மணி நேரம் முன்னதாக வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் செய்த பராமரிப்பு கணக்கில் சேரும்.

தெருவில் கரண்ட் போனது சாக்காகாது. தெருமுனைப் பெட்டிகளுக்கு நான்கு மணி நேர பேட்டரி வைத்திருப்பது நிறுவனத்தின் வேலை. சாலை தோண்டும்போது ஃபைபர் அறுபட்டால் ஒட்டவைக்க எட்டு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அந்த எட்டு மணி நேரம் கணக்கில் சேராது. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சேரும்.

4. தாக்கல் நாட்கள்

ஒவ்வொரு மாதமும் 7, 11, 13, 20, 22 தேதிகளும், ஜூலை 25 முதல் 31 வரையிலும் தாக்கல் நாட்கள். அரசு கடைசித் தேதியை நீட்டித்தால் புதிய தேதியும் அதற்கு முந்தைய நாளும் சேரும். இந்த நாட்களில் எந்தப் பராமரிப்பும் கூடாது. காலை 9.30 முதல் இரவு 12 வரை இணைப்பு போனால் அந்த நேரம் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், நிறுவனம் தன் செலவில் சிம் போட்ட 4ஜி ரூட்டர் ஒன்றை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

5. பதிலும் பழுதுபார்ப்பும்

முழுக்க இணைப்பு போனால்: 15 நிமிடத்துக்குள் புகார் எண்ணும் ஒரு மனிதரின் பதிலும், இரண்டு மணி நேரத்துக்குள் டெக்னீஷியன் நேரில், நான்கு மணி நேரத்துக்குள் இணைப்பு. ஃபைபர் அறுபட்டிருந்தால் கடைசியது எட்டு மணி நேரம். இது ஞாயிறுக்கும் பொங்கலுக்கும் பொருந்தும். இரவு 10 முதல் காலை 7 வரை நேரில் வருவது மட்டும், தாக்கல் நாளாக இல்லாவிட்டால், காலைக்குத் தள்ளிப்போகலாம்.

மந்தமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பதில், அடுத்த வேலை நாள் மாலைக்குள் தீர்வு. ஐபி மாற்றம், பில் சந்தேகம் போன்றவற்றுக்கு இரண்டு வேலை நாட்கள்.

டெக்னீஷியன் வந்ததும் பெட்டிக்கு வரும் ஒளியின் அளவை மீட்டரில் பார்த்து அலுவலகத்துக்குக் காட்ட வேண்டும். மைனஸ் 25 டிபிஎம்மைவிடக் குறைந்திருந்தால், இணைப்பு அப்போதைக்கு ஓடினாலும் ஜாயின்டைச் சரிசெய்யாமல் போகக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் புகார் பகுதி மேலாளருக்கும், நான்கு மணி நேரம் தாண்டினால் நிறுவனத்தின் பங்குதாரருக்கும் போகும்.

6. கழிவுகள்

மாத வாடகையில் (வரி நீங்கலாக) கழிக்கப்படும் தொகை:

99.5% அல்லது மேல்: கழிவு இல்லை
99% முதல் 99.5%க்குக் கீழ்: 10%
98% முதல் 99%க்குக் கீழ்: 20%
95% முதல் 98%க்குக் கீழ்: 35%
95%க்குக் கீழ்: 60%

ஓர் உதாரணம். 30 நாள் மாதத்தில் மொத்தம் 9 மணி நேரம் இணைப்பு இல்லை என்றால் 98.75%, கழிவு ₹900. அதே 9 மணியில் 6 மணி நேரம் 20ஆம் தேதி பகலில் போயிருந்தால் கணக்கு 15 மணி நேரமாகி 97.92%க்கு இறங்கும், கழிவு ₹1,575.

டெக்னீஷியன் தாமதமானால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ₹200 தனி. தாக்கல் நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இணைப்பும் மாற்று ரூட்டரும் இல்லாமல், அதனால் ரிட்டர்ன் தள்ளிப்போனால், அந்த முதல் நாளின் தாமதக் கட்டணத்தை (ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னுக்கு ₹50, வரி எதுவும் இல்லாத ரிட்டர்னுக்கு ₹20) தளத்தின் ரசீதைக் காட்டிப் பெறலாம். மாதம் ₹3,000 வரை. இதைத் தவிர மற்ற எல்லாம் சேர்த்து ஒரு மாத வாடகையைத் தாண்டாது.

அலுவலகம் கேட்கும்வரை நிறுவனம் காத்திருக்கக் கூடாது. மறுமாதம் 5ஆம் தேதிக்குள் இணைப்பு அறிக்கையும், மத்திய ஜிஎஸ்டி சட்டம் 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட்டும் வர வேண்டும். கழிவுக்குரிய வரியும் அதில் குறையும். அறிக்கையில் தவறு இருந்தால் அலுவலகம் பத்து நாளுக்குள் ரூட்டர் பதிவுடன் மறுக்கலாம். இரு பதிவுகளும் முரண்பட்டால் வாட்ஸ்அப் செய்தியின் நேரமே முடிவு.

7. அலுவலகத்தின் கடமைகள்

பெட்டிக்கும் ரூட்டருக்கும் யுபிஎஸ் மின்சாரம் கொடுப்பது, வேலை நேரத்தில் டெக்னீஷியனுக்குக் கதவு திறந்துவிடுவது, 10ஆம் தேதிக்குள் பில் கட்டுவது. கதவு பூட்டியிருந்த நேரம் நிறுவனத்தின் கணக்கில் ஏறாது.

8. விலகல்

தொடர்ந்து மூன்று மாதம் 99%க்குக் கீழே போனாலோ, ஒரே தடவையில் 48 மணி நேரம் இணைப்பு இல்லாவிட்டாலோ அலுவலகம் முன்னறிவிப்பின்றி விலகலாம். மீதமுள்ள முன்பணம் 15 நாளில் திரும்ப வர வேண்டும். மற்றபடி எந்தத் தரப்பும் 30 நாள் அறிவிப்பில் விலகலாம். தகராறு வந்தால் முதலில் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி, பிறகு ஈரோடு நீதிமன்றங்கள்.

2025 மார்ச் 24 அன்று ஈரோட்டில் இரு பிரதிகளாக எழுதி, நிறுவனத்தின் பங்குதாரரும் அலுவலகத்தின் உரிமையாளரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டனர்.