நைட் டியூட்டி தொடங்கும் நிவேதாவுக்கு

அன்புள்ள நிவேதா,

திங்கட்கிழமையிலிருந்து உனக்கு மெடிக்கல் வார்டில் நைட் என்று கேள்விப்பட்டேன். இத்தனை வருட நைட் டியூட்டியில் கற்றதில் முதலாவதாக இதைச் சொல்கிறேன்: சார்ட்டில் "தூங்குகிறார்" என்று எழுதும் முன் மூச்சை எண்ணிவிடு.

டார்ச்சை முகத்தில் அடிக்காமல் போர்வை மேல் சாய்த்துப் பிடி. மார்பு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணு. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், விட்டு விட்டு வரும் மூச்சு உன் கண்ணுக்குத் தப்பிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. மார்ஃபின் போட்டவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு குறைந்த பிறகும் வெகுநேரம் சாச்சுரேஷன் நன்றாகவே காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பி நகர்ந்துவிடாதே. மூச்சு 10-க்குக் கீழே போனாலோ, தோளைத் தட்டியும் கண் திறக்காவிட்டாலோ, அவரை விட்டு நகராமல் ஆளைக் கூப்பிடு.

இன்சுலின் போட்டவர் ராத்திரி சாப்பிட்டாரா என்பதை ஓவர் எடுக்கும்போதே கேட்டு வை. நடுராத்திரியில் சட்டை நனைய வியர்த்திருந்தால், உளறினால், உடனே சுகர் பார். 70-க்குக் கீழே இருந்து, நினைவும் விழுங்கும் தெம்பும் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறிவிடும். அவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் நரம்பு வழியாகத்தான்.

டிரிப் விஷயம்: மில்லிக்கு 20 சொட்டு செட்டில் மணிக்கு 100 மில்லி என்றால் நிமிடத்துக்கு 33 சொட்டு. நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும், அதனால் திருப்பிப் படுக்க வைத்ததும் மறுபடி எண்ணு. ஊசி இருக்கும் இடத்தைத் தொட்டும் பார். வீங்கிச் சில்லென்று இருந்தால் மருந்து வெளியே இறங்குகிறது, நிறுத்திவிடு.

மூன்றிலிருந்து ஐந்து மணி வரை மூளை மந்தமாகும். அந்த நேரத்து டோஸ் கணக்கை இன்னொரு சிஸ்டரைத் தனியாகப் போடச் சொல்லி, இரண்டு விடையையும் ஒப்பிடு. பொட்டாசியம் குளோரைடை எந்த நேரத்திலும் நேராக நரம்பில் தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும்.

டாக்டரை எழுப்பத் தயங்காதே. ஆனால் "ஒரு மாதிரி இருக்கார் சார்" என்று சொன்னால் போதாது. இப்படிச் சொல்: "ஆறாம் பெட், 58 வயது, நிமோனியா. ஒரு மணிக்கு மூச்சு 20, இப்போது 28. சாச்சுரேஷன் 95-லிருந்து 89. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்னதையும் அப்போதே எழுதிவிடு. வரத் தாமதமானால் அடுத்த சீனியரைக் கூப்பிடு, அதில் தப்பே இல்லை.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்ளம்மா. டியூட்டி முடிய ஐந்தாறு மணி நேரம் இருக்கும்போதே காபியை நிறுத்திவிடு, இல்லாவிட்டால் பகல் தூக்கம் கெடும். அறையை நன்றாக இருட்டாக்கிப் படு. கண் சொக்கினால் வண்டி எடுக்காதே. டியூட்டி ரூமில் 20 நிமிடம் படுத்து, எழுந்து முகம் கழுவிய பிறகும் சொக்கினால் யாரையாவது கூட்டிப்போகச் சொல்.

அன்புடன்,
சரோஜா அக்கா