கார் நிறுத்துமிடம் 17-இல் மின்சார கார் சார்ஜிங் பாயிண்ட் அமைக்க அனுமதி வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்:
ச. கார்த்திகேயன்
பி பிளாக், 304
மல்லிகை அடுக்ககம்
மடிப்பாக்கம், சென்னை

பெறுநர்:
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்
மல்லிகை அடுக்ககக் குடியிருப்போர் நலச்சங்கம்
மடிப்பாக்கம், சென்னை

நாள்: 12.08.2025

மதிப்பிற்குரிய தலைவர் சார், செயலாளர் மேடம், செயற்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடந்த ஜூன் மாதம் நான் மின்சார கார் ஒன்று வாங்கினேன். அதை எனக்கு ஒதுக்கப்பட்ட 17-ஆம் எண் நிறுத்துமிடத்திலேயே சார்ஜ் செய்ய, என் வீட்டு மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து ஒரு சார்ஜிங் பாயிண்ட் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு இதை எழுதுகிறேன். வரும் 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடக்கும் செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். கார் வந்த புதிதில் நான்கு இரவுகள் வாட்ச்மேன் அறைக்கு வெளியே இருக்கும் 15 ஆம்ப் பிளக்கில் சார்ஜ் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, அது தவறுதான். செயலாளர் மேடம் சொன்ன அன்றே நிறுத்திவிட்டேன். 26 யூனிட்டுக்கான பணத்தைச் சங்கக் கணக்கில் கட்டி ரசீதும் வாங்கியிருக்கிறேன். நான்காம் நாள் காலையில் பிளக்கை உருவும்போது கை வைக்க முடியாத சூடு. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி பழுப்பேறியிருந்தது. மணிக்கணக்கில் முழு லோடு இழுக்கும் வேலைக்கு அந்தப் பழைய சாக்கெட் ஆகாது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அந்த சாக்கெட்டை என் செலவில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இப்போது முறைப்படி கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் வைக்க நினைப்பது 3.3 கிலோவாட் சார்ஜர், 16 ஆம்ப். வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் போகிற அளவு மின்சாரம்தான். 7.4 கிலோவாட் சார்ஜரும் கிடைக்கிறது, ஆனால் எனக்கு அது தேவையில்லை. தினமும் சோழிங்கநல்லூர் போய் வருவது 35 கிலோமீட்டருக்குள். அதற்கு ஐந்தாறு யூனிட் போதும், இரவில் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். ஊருக்குப் போய் வந்த நாளில் மட்டும் எட்டு மணி நேரம் ஆகும். எப்படியும் இரவு 11 மணிக்கு மேல்தான் ஓடுமாறு டைமர் வைத்துவிடுவேன். மாலையில் எல்லார் வீட்டிலும் ஏசியும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் கட்டடத்தின் லோடு இதனால் அதிகமாகாது.

கரண்ட் முழுக்க என் மீட்டரிலிருந்து. பொது இணைப்பிலிருந்து ஒரு யூனிட்கூட வராது. ஸ்லாப் ஏறினால் அது என் பாடு. ஈபியில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்து, அவர்கள் ஒப்புதல் வந்து, அதன் நகலைச் சங்கத்தில் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்குவேன்.

ஒயரிங் விவரம் இதுதான். மீட்டர் போர்டிலிருந்து 17-ஆம் இடம் வரை 22 மீட்டர். 16 ஆம்புக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிளே தாங்கும், ஆனாலும் 6 சதுர மில்லிமீட்டர் ஆர்மர்டு கேபிள் போடச் சொல்லியிருக்கிறேன். ஸ்டில்ட் சீலிங்கில் ஏற்கெனவே லைட் பைப் போகும் பாதையிலேயே இதுவும் போகும், தரையில் எங்கும் ஒயர் கிடக்காது. மீட்டர் பக்கத்தில் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி. எர்த்துக்குக் காம்பவுண்டு ஓரம் தனிக்குழி. வேலை செய்யப்போவது லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர், முடிந்ததும் எர்த் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டும் தருவார்.

மழை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் ஸ்டில்ட்டில் நின்ற தண்ணீரின் கறை, தூண்களில் இன்னும் தெரிகிறது. 17-ஆம் தூணில் டேப் வைத்து அளந்தேன், தரையிலிருந்து 74 சென்டிமீட்டர். சார்ஜர் பெட்டியின் அடிப்பாகம் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கன மழை எச்சரிக்கை வந்தால் எம்சிபியை இறக்கிவிட்டு காரையும் மேட்டுக்கு எடுத்துப்போய்விடுவேன். நான் ஊரில் இல்லாவிட்டால் வாட்ச்மேன் இறக்கிவைக்கும்படி எம்சிபி பெட்டியின் ஒரு சாவி அவரிடம் இருக்கும். அப்புறம், அந்தத் தூணின் வடக்குப் பக்கம் முதல் மாடி பாத்ரூம் பைப் ஜாயிண்ட் சொட்டுகிறது. அதனால் பெட்டி தெற்குப் பக்கம்தான். (அந்த ஜாயிண்டையும் யாராவது பார்த்தால் நல்லது, என் பழைய கார் கூரையில் வெள்ளைக் கோடு விழுந்ததே அதனால்தான்.)

தீ பற்றிய பயத்தை ஏ பிளாக்கில் இரண்டு பேர் என்னிடம் நேரிலேயே சொன்னார்கள். அது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு ஸ்கூட்டர் சார்ஜ் செய்வது இப்போதே நடக்கிறது, அதைவிட எர்த்தும் டிரிப்பும் உள்ள தனி லைன் எவ்வளவோ மேல். தூணின் பக்கத்தில் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் என் செலவில் வைத்து, ஆண்டுதோறும் சர்வீஸ் செய்து தருகிறேன்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இருக்கும் வீட்டு இணைப்பிலிருந்தே வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது. அதைக் காட்டி இது என் உரிமை என்று வாதாட வரவில்லை. ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடத்தைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. 17-ஆம் இடம் எனக்கு ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான். தூணும் சீலிங்கும் நம் 24 வீட்டுக்கும் பொது. அதில் ஆணி அடிக்க உங்கள் சம்மதம் வேண்டும்.

பின்னால் வருகிறவர்களையும் யோசித்தேன். நான் ஒருவன் முதலில் போட்டு பாதையை அடைத்துவிட்டேன் என்று ஆகக் கூடாது. அதனால் சீலிங்கில் கேபிள் டிரே போடும்போது இன்னும் மூன்று பேர் கேபிள் போகிற அகலத்தில் போட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு எத்தனை சார்ஜர் வரை நம் கட்டடத்து மெயின் கேபிள் தாங்கும் என்பதைச் சங்கம் ஈபியில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

செலவு முழுவதும் என்னுடையது. பராமரிப்பும், இதனால் பொதுச்சொத்துக்கு ஏதாவது சேதம் வந்தால் அதற்கான பொறுப்பும் என்னுடையதே. வீட்டை விற்றாலோ பார்க்கிங் இடம் மாற்றி ஒதுக்கப்பட்டாலோ, புதிதாக வருபவர் வேண்டாம் என்றால், 15 நாளில் கழற்றி துளைகளைப் பூசி பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவேன். பக்கத்து 16, 18 எண் இடத்துக்காரர்களிடம் பேசிவிட்டேன். 18-ஆம் இடத்து மாமா, சார்ஜிங் ஒயர் தன் வண்டிப் பக்கம் வரக் கூடாது என்று மட்டும் சொன்னார். காரின் சார்ஜிங் துளை மறுபக்கம்தான், ஒயர் அவர் பக்கம் வராது. இருவரும் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள்.

வேலை ஒரே நாள்தான். காலை 10 முதல் மாலை 5 வரை, ஞாயிறு இல்லாத நாளில் வைத்துக்கொள்கிறேன். டிரில் சத்தம் ஒரு மணி நேரம் இருக்கும். கரண்ட் என் வீட்டுக்கு மட்டும்தான் நிறுத்தப்படும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள், செப்டம்பரிலேயே முடித்துவிட்டால் எர்த் குழி தோண்டுவதும் சுலபம்.

ஒயர் போகும் பாதையின் வரைபடம், கான்ட்ராக்டரின் லைசென்ஸ் நகலும் எஸ்டிமேட்டும், 16, 18-ஆம் இடத்தாரின் சம்மதக் கடிதங்கள், பொது மின்சாரத்துக்குக் கட்டிய ரசீது ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு கான்ட்ராக்டரையும் அழைத்து வரலாம் என்றால் சொல்லுங்கள், வரத் தயார் என்கிறார். கூடுதலாக ஏதாவது நிபந்தனை வைக்க நினைத்தால் அதையும் தீர்மானத்திலேயே எழுதி, அனுமதியை எழுத்து மூலம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
ச. கார்த்திகேயன்
பி 304