கிருமிநீக்கப் பதிவேடு: ஆட்டோகிளேவ் 2, 12-03-2025, புதன்

மத்திய கிருமிநீக்கப் பிரிவு, காலை ஷிப்ட்
ஏற்றியவர்: பணியாளர் எண் 47. சரிபார்த்தவர்: பணியாளர் எண் 31.
பேட்ச் எண் வரிசை: இயந்திரம்–தேதி–லோடு

06.20, போவி-டிக் சோதனை
சூடேற்றும் ஓட்டத்துக்குப் பின், சோதனை பேக் மட்டும் வைத்து 134 டிகிரி, 3.5 நிமிடம். தாள் ஓரத்திலிருந்து நடு வரை ஒரே சீராக நிறம் மாறியுள்ளது. சரி. தாள் இப்பக்கத்தின் பின்புறம் ஒட்டப்பட்டது.

07.05, லோடு 1, பேட்ச் 2-120325-01
டிரஸ்ஸிங் பேக் 8, தையல் செட் 4, கேதீட்டர் செட் 2. மொத்தம் 14.
134 டிகிரி, 4 நிமிடம். உலர்த்தல் 20 நிமிடம். பிரிண்ட் சரி. 14 பேக்கிலும் டேப் கோடு கறுத்துள்ளது. ஆறியபின் 08.25-க்கு ரேக்கில் ஏற்றப்பட்டது.

09.10, லோடு 2, பேட்ச் 2-120325-02
சிசேரியன் செட் 3, லேப்பரடமி செட் 1, துணி பேக் 4, கிண்ண பேக் 1. மொத்தம் 9.
பிரிண்ட் சரி, டேப் சரி. ஆனால் லேப்பரடமி ட்ரேயின் அடித்துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மேல்தட்டில் கிண்ணங்களை நிமிர்த்தி வைத்திருந்ததால் தண்ணீர் தேங்கிக் கீழே வடிந்திருக்கிறது. ஈரம் தானாகக் காய்ந்தாலும் அந்த பேக் கணக்கில் வராது. டேப் கறுத்திருப்பதைப் பார்த்து யாரும் எடுத்துவிட வேண்டாம். லேப்பரடமி, கிண்ணம் இரண்டும் நிராகரிப்பு. பிரித்து, புதுத் துணி, புது இண்டிகேட்டர் வைத்து லோடு 3-க்கு. பழைய லேபிள்கள் கிழித்து இங்கே ஒட்டப்பட்டன. மீதி 7 பேக் காய்ந்திருந்தன, வெளியிடப்பட்டன.

11.30, லோடு 3, பேட்ச் 2-120325-03
எலும்பு பிளேட்-ஸ்க்ரூ செட் 1, மறு லேப்பரடமி 1, மறு கிண்ணம் 1 (இம்முறை சாய்த்து). மொத்தம் 3.
இம்பிளாண்ட் இருப்பதால் உயிரியல் இண்டிகேட்டர் குப்பி, சோதனை பேக்கினுள், வடிகால் அருகே கீழ்த்தட்டில் வைக்கப்பட்டது. பிரிண்ட், டேப், ஐந்தாம் வகை இண்டிகேட்டர் மூன்றும் சரி. மூன்று பேக்கும் காய்ந்துள்ளன.
13.10: குப்பியும், ஆட்டோகிளேவில் வைக்காத கண்ட்ரோல் குப்பியும் (ஒரே லாட்) 56 டிகிரி இன்குபேட்டரில். மூன்று பேக்கும் சிவப்பு அட்டையுடன் தனி ரேக்கில்.
14.00: ஓ.டி.யிலிருந்து பிளேட் செட் கேட்டார்கள். அறுவை வெள்ளிக்கிழமைதான் என்பதால் முடிவு வந்தபின் தருவதாகச் சொல்லப்பட்டது.

13-03, 13.15, முடிவு
சோதனைக் குப்பியின் ஊதா நிறம் மாறவில்லை. கண்ட்ரோல் மஞ்சள். லோடு 3 விடுவிப்பு. பிளேட் செட் ஓ.டி. 2-க்கு, லேபிள் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட வேண்டும்.

வழங்கல் கணக்கு, 13-03, 16.00
01: வார்டுகளுக்கு 11, ரேக்கில் 3. 02: ஓ.டி.க்கு 5, ரேக்கில் 2. 03: ஓ.டி.க்கு 1, ரேக்கில் 2. அவசரப் பிரிவு வாங்கிய தையல் செட் ஒன்றின் லேபிள் கேஸ் ஷீட்டில் இல்லை. செவிலியர் குப்பைத்தொட்டியிலிருந்த உறையைத் தேடி எடுத்து, எண்ணைப் பார்த்து எழுதினார்: 2-120325-01.