டாக்டரைப் பற்றி

வணக்கம். தருமபுரி பென்னாகரம் ரோட்டில் இருக்கும் இந்தக் கிளினிக்கில் டாக்டர் நான் ஒருத்திதான். எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்தில் எம்.டி. படித்திருக்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். தெலுங்கு நன்றாக வரும், கன்னடம் தட்டுத் தடுமாறித்தான். என் பதிவு எண் மருந்துச் சீட்டின் தலைப்பிலேயே இருக்கிறது, சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா, காய்ச்சல், இவைதான் இங்கே அதிகம். சர்க்கரை நோயை அடியோடு ஒழித்துவிடுவேன் என்று சொல்ல மாட்டேன். கட்டுக்குள் வைக்க முடியும், அதற்கு மாத்திரை பாதி, நீங்கள் பாதி. "களி சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்காத ஆளே இல்லை. சாப்பிடலாம், ஆனால் ராகியிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது, இரண்டு உருண்டை சாப்பிடும் இடத்தில் ஒன்றோடு நிறுத்தி, கூடவே கீரையும் பருப்பும் சேர்த்துக்கொண்டு, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்டில் என்ன வருகிறது என்று பார்த்து முடிவு செய்வோம்.

மூட்டுவலி, முதுகு இறுக்கம் என்று வந்தால் முதலில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்பேன். நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், கொதிக்க வைத்தாலும் அது போகாது. எலும்பில் ஏற்கெனவே படிந்த பாதிப்பை மாத்திரையால் எடுத்துவிட முடியாது, ஒகேனக்கல் குடிநீருக்கு மாறினால் மேலும் கூடாமல் தடுக்கலாம், வலிக்கு மருந்து தரலாம். அவ்வளவுதான் என்னால் ஆகும்.

சளிக் காய்ச்சலுக்கு வந்ததும் "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்பவர்களுக்கு, பெரும்பாலும் தேவை இருக்காது. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள், சொல்கிறேன்.

பிரசவம், ஆபரேஷன், அட்மிஷன் இங்கே கிடையாது. என் கைக்கு மீறியது என்று தெரிந்தால் அன்றைக்கே கடிதம் எழுதி அனுப்பிவிடுவேன், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, வேறு இடமா என்பது உங்கள் வசதி. ரத்தப் பரிசோதனையை எந்த லேபிலும் எடுக்கலாம், கமிஷன் வாங்குவதில்லை.

நெஞ்சுவலி, பாம்புக்கடி, வாய் கோணுவது, கை கால் திடீரென இழுத்துக்கொள்வது என்றால் தயவுசெய்து இங்கே வந்து வரிசையில் உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

திங்கள் முதல் சனி வரை, மாலை 5 முதல் 9 வரை இருப்பேன். ஃபீஸ் 200 ரூபாய், அதே பிரச்சினைக்கு ஒரு வாரத்துக்குள் ரிப்போர்ட் காட்ட வந்தால் வாங்குவதில்லை. பழைய சீட்டு தொலைந்துவிட்டதா, பரவாயில்லை, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை, நாட்டு மருந்து பொட்டலம் இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.