ஒரே ஆல்பம், பல பிரதிகள்: பிடிஎஸ் இசைக்குழுவும் ஆர்மி ரசிகர்களும்

தென்கொரிய பாப் ஆல்பம் ஒன்றை வாங்குபவருக்குக் குறுந்தகடு மட்டும் கிடைப்பதில்லை. பெட்டிக்குள் ஒரு புகைப்படப் புத்தகமும், குழு உறுப்பினர் ஒருவரின் உள்ளங்கை அளவுப் புகைப்பட அட்டையும் இருக்கும். யாருடைய அட்டை என்பது பெட்டியைப் பிரித்த பிறகே தெரியும். பிடிஎஸ் போல ஏழு பேர் கொண்ட குழுவில் தனக்குப் பிடித்தவர் வராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், அல்லது இன்னொரு பிரதி வாங்கலாம். அதே ஆல்பம் வெவ்வேறு அட்டைப்படங்களோடும் வரும். கையெழுத்துச் சந்திப்புக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் வாங்கிய ஒவ்வொரு பிரதியும் ஒரு சீட்டு. என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரே ஆல்பத்தில் மூன்று பிரதிகள் வைத்திருக்கிறாள். அவள் வீட்டில் குறுந்தகடு ஓட்டும் கருவி கிடையாது. அவளை ஏமாளி என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லிவிட்டால் ஆராய எதுவும் மிஞ்சாது.

இந்தத் தொழிலின் அடித்தளம் பழையது. லீ சூ-மான் 1995இல் எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதன் எச்.ஓ.டி. குழு அறிமுகமானது. சிறுவயதிலேயே தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பாட்டும் நடனமும் பயிற்றுவித்து மேடையேற்றும் முறை அங்கிருந்து வளர்ந்தது. 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து அதே நிறுவனத்தின் டிவிஎக்ஸ்கியூ குழுவின் மூவர் 2009இல் நீதிமன்றம் சென்றார்கள். ஏழு ஆண்டு என்ற மாதிரி ஒப்பந்தமும் அதே ஆண்டில் வந்தது. பாட்டு எழுதுவோர் கொரியராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பிடிஎஸ் 2020இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதல் முறையாக முதலிடம் பிடித்த ‘டைனமைட்’ முழுக்க ஆங்கிலப் பாடல். எழுதிய இருவரும் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள்.

ஆனால் பிடிஎஸ் 2013இல் அறிமுகமானபோது அதன் நிறுவனமான பிக் ஹிட் சிறியது. பெரிய நிறுவனங்களுக்கு இருந்த தொலைக்காட்சிச் செல்வாக்கு அதற்கு இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ‘ஆர்மி’ என்ற ரசிகர்கள். பாடல் வரிகள், நேரலைப் பேச்சு, பேட்டி என எல்லாவற்றையும் அவர்கள் பல மொழிகளில் பெயர்த்தார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததோடு விடாமல், கொரியச் சிலேடைக்கும் மரியாதை விகுதிக்கும் அடிக்குறிப்பும் எழுதினார்கள். ஊதியம் கேட்கவில்லை. இதைக் கூலியற்ற உழைப்பு என்று மட்டும் எழுதத் தயங்குகிறேன். பெயர்த்தவருக்கு மொழி அறிவும் மதிப்பும் நட்பும் கிடைத்தன. ஆனால் லாபக்கணக்கு எழுதப்பட்ட இடம் வேறு. 2019இல் பிக் ஹிட்டின் ரசிகர் தளமான வீவர்ஸ் வந்தது. ரசிகர் கூடும் இடமே நிறுவனத்தின் சொத்தானது. அடுத்த ஆண்டு பிக் ஹிட் பங்குச்சந்தையில் நுழைந்தது. இன்று அதன் பெயர் ஹைப்.

பட்டியல் முதலிடத்துக்காக ரசிகர்கள் திட்டமிட்டு வாங்குவதையும் கேட்பதையும் ‘மோசடி’ என்போர் உண்டு. ஒரு வாடிக்கையாளர் ஒரு வாரத்தில் வாங்கும் பதிவிறக்கங்களில் ஒன்றை மட்டுமே கணக்கில் எடுப்பதாக 2022இல் பில்போர்டு விதியை இறுக்கியது. வானொலியில் பாட்டை ஓடவைக்க நிறுவனங்கள் ஆள் வைத்து அலைந்ததைப் பல காலம் தொழில்முறை என்றே சொல்லிவந்தவர்கள், ரசிகர்கள் சேர்ந்து வாங்கும்போது மட்டும் தூய்மை பேசுவது எனக்கு விந்தையாக இருக்கிறது. எனினும் ரசிகர்கள் அந்த அளவுகோலை மறுக்கவில்லை. அதில் வெல்லவே உழைத்தார்கள். உழைப்பைப் பங்கிட்டு, நேரம் குறித்து, எண்ணிக்கை பார்க்கும் பழக்கம் அப்படித்தான் கைவந்தது.

அதே பழக்கம் வேறு வேலைக்கும் உதவியது. 2020 ஜூனில் பிடிஎஸும் நிறுவனமும் கறுப்பினத்தவர் உரிமைக்கான ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்த செய்தி வந்ததும், ஏறத்தாழ ஒரே நாளில் ரசிகர்கள் அதே தொகையைத் திரட்டிவிட்டார்கள். 2021இல் தொடங்கிய ‘கேபாப்4பிளானட்’ என்ற ரசிகர் முயற்சி தொழிலையே திருப்பிக் கேள்வி கேட்டது: கேட்கப்படாத இத்தனை குறுந்தகடுகளும் பிளாஸ்டிக்கும் எங்கே போகின்றன? வேண்டாத ஆல்பங்களைச் சேகரித்து நிறுவனங்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

2022 ஜூலையில் பிடிஎஸ் உறுப்பினர் ஜே-ஹோப்பின் தனி ஆல்பம் குறுந்தகடு இல்லாத வடிவில் வந்தது. பாட்டை வீவர்ஸ் செயலி வழியாகக் கேட்க வேண்டும். புகைப்பட அட்டை மட்டும் பெட்டியில் அப்படியே இருந்தது.