நூலிழையில் தவிர்ந்த மருந்துப் பிழை: சம்பவ அறிக்கை

இரவுப் பணி, 2.40 மணி, பெண்கள் வார்டு. நோயாளிக்குப் பாதிப்பு இல்லை.

ஐவி லைனை ஃப்ளஷ் செய்ய சலைன் ஆம்பூல் எடுத்தேன். உடைக்கும் முன் லேபிளை வாய்விட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது, கையில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு, 10 மி.லி. நீர்க்காமல் சிரையில் நேரடியாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். இப்போதும் மனம் பதறுகிறது.

இரண்டும் ஒரே அளவு, நிறமற்ற திரவம், ஒரே டிரேயில் அடுத்தடுத்து. நோயாளிகள் தூங்கட்டும் என்று விளக்கையும் குறைத்திருந்தோம். டிரேயை நிரப்பியவர் வழக்கமான இடத்தில்தான் வைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொன்னேன். இருவருமாக பொட்டாசியம் ஆம்பூல்களை எண்ணித் தனியே பூட்டினோம்.

அடர் பொட்டாசியம் வார்டு இருப்பிலேயே வேண்டாம். பார்மசியிலிருந்து கலந்த பாட்டிலாக வரட்டும். மற்ற வார்டு டிரேக்களையும் இன்றே பார்க்க வேண்டுகிறேன்.