மண் பரிசோதனை அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

பெகு வட்டாரத் தமிழ் விவசாயிகளுக்கு வணக்கம். என் கையில் இருக்கும் இந்த அறிக்கை, நெல் அறுத்தபின் உளுந்து போடும் ஒரு வயலுடையது. முதல் வரியில் கார அமில நிலை 5.2 என்றிருக்கிறது, 6.2 உள்ள மண்ணைவிட இது பத்து மடங்கு அமிலம் கூடியது. ஆனால் வயலில் தண்ணீர் கட்டிச் சில வாரங்களில் அமில மண் நடுநிலையை நோக்கி நகரும் என்பதால், இந்த எண் நெல்லைவிட உளுந்துக்கே அதிகக் கவலை தரும். சுண்ணாம்பு இடுவதை உளுந்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

மணிச்சத்து, சாம்பல் சத்து அளவுகளை ஓரளவு நம்பலாம். மணிச்சத்தை அளக்கும் முறைகள் பல. வேறு வேறு முறையில் வந்த இரண்டு எண்களை ஒப்பிடாதீர்கள். தழைச்சத்து மழையோடும் வெள்ளத்தோடும் மாறிக்கொண்டே இருப்பது. அதற்கு இலையின் நிறமே நல்ல சாட்சி.

உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிக் கிடக்கும் தட்டு, வடிகால் கோளாறு, வேர்ப்புழு ஆகியவை இந்தத் தாளில் வராது. மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டிப் பார்த்தால் தட்டு தெரிந்துவிடும்.

அறிக்கை, நீங்கள் கொடுத்த அரைக் கிலோ மண்ணைப் பற்றித்தான் பேசும். நான் ஒருமுறை சோம்பலில் எருக்குவியலருகே மட்டும் எடுத்துக்கொடுத்தேன். சாம்பல் சத்து அமோகம் என்று வந்தது, பயிரோ வெளிறி நின்றது. வரப்பையும் மர நிழலையும் விட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள்.